சம்பளச் சீட்டில் மூன்று தொகைகள்

வேலைக்கான கடிதத்தில் ஆண்டுக்கு 13 லட்சம் என்று போட்டிருக்கிறது. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் ஒரு லட்சத்து எட்டாயிரத்துக்கு மேல் வர வேண்டும். வங்கிக் கணக்கில் விழுவதோ 94 ஆயிரம். நடுவில் போன 14 ஆயிரத்துக்கும் சேர்த்துப் பழி வருமான வரி மேல்தான் விழும். ஆனால் நாம் பார்க்கப்போகும் சீட்டில் வருமான வரியாக ஒரு ரூபாய்கூடப் பிடிக்கவில்லை.

சென்னையில் தனியார் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் சம்பளத்தை எடுத்துக்கொள்வோம். புரிவதற்காக எண்களை முழுமையாக வைத்திருக்கிறேன். கணக்கு 2025-26 நிதியாண்டுக்கானது, அதாவது 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரை.

சி.டி.சி.: நிறுவனத்தின் செலவுக் கணக்கு

கடிதத்தில் உள்ள 13 லட்சம் சி.டி.சி. எனப்படுவது. உங்களை ஓராண்டு வேலைக்கு வைத்துக்கொள்ள நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு அது. அதில் உங்கள் பெயரில் செலவாகும், ஆனால் மாதச் சம்பளமாகக் கைக்கு வராத தொகைகளும் அடங்கும்.

நம் ஊழியரின் அடிப்படைச் சம்பளம், அதாவது பேசிக், மாதம் 50,000 ரூபாய். அதில் 12 விழுக்காடான 6,000 ரூபாயை நிறுவனம் தன் பங்காக வருங்கால வைப்பு நிதிக்குக் கட்டுகிறது. இன்னொரு 2,405 ரூபாயைப் பணிக்கொடை என்று கணக்கில் எழுதுகிறது. இது பேசிக்கில் 4.81 விழுக்காடு. ஓராண்டு வேலைக்குப் பதினைந்து நாள் சம்பளம், மாதத்துக்கு 26 வேலை நாள் என்ற சூத்திரத்திலிருந்து வரும் எண் அது. பணிக்கொடை பொதுவாக ஐந்தாண்டு வேலை பார்த்த பிறகே கிடைக்கும். இரண்டாம் ஆண்டில் வேலையை விட்டால், கடிதத்தில் இருந்த அந்தத் தொகை ஏட்டோடு போய்விடும்.

இந்த இரண்டும் சேர்ந்து மாதம் 8,405 ரூபாய். 14 ஆயிரத்தில் பெரும்பகுதி இங்கேயே போய்விட்டது. சில நிறுவனங்கள் குழு மருத்துவக் காப்பீட்டின் பிரீமியம், ஆண்டிறுதியில் வேலைத்திறனைப் பார்த்துத் தரும் ஊக்கத்தொகை ஆகியவற்றையும் சி.டி.சி.க்குள் அடக்கிவிடும். வேலைக்குப் பேரம் பேசும்போது மொத்தத் தொகையை மட்டும் கேட்காமல், "இதில் மாத கிராஸ் எவ்வளவு?" என்று கேட்க வேண்டும். இரண்டு நிறுவனங்கள் ஒரே சி.டி.சி. சொன்னாலும் கிராஸ் ஒன்றாக இருக்காது.

கிராஸ்: பிடித்தத்துக்கு முந்தைய மொத்தம்

சீட்டின் இடப்பக்கத்தில் வரவுகள் இருக்கும். நம் ஊழியருக்கு மூன்று வரவுகள்:

பேசிக்: 50,000
வீட்டு வாடகைப்படி: 25,000
சிறப்புப் படி: 25,000

கூட்டினால் ஒரு லட்சம். இதுவே கிராஸ், அதாவது மொத்தச் சம்பளம். ஆண்டுக்கு 12 லட்சம்.

இதில் கவனிக்க வேண்டியது பேசிக். வைப்பு நிதி, பணிக்கொடை, வீட்டு வாடகைப்படிக்கான வரிவிலக்கு எல்லாமே பேசிக்கை வைத்துத்தான் கணக்கிடப்படுகின்றன. அரசு ஊழியர்களுக்குப் பேசிக்கோடு அகவிலைப்படியும் சேர்ந்துவரும். விலைவாசி உயர்வை ஈடுகட்ட அவ்வப்போது உயர்த்தப்படும் படி அது.

'படி' என்று பெயர் இருந்தால் வரி கிடையாது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படியில்லை. அகவிலைப்படிக்கு முழு வரி உண்டு. தனியார் சீட்டுகளில் வரும் சிறப்புப் படிக்கும் முழு வரி உண்டு. பேசிக், வாடகைப்படி போக மீதித் தொகையைப் போட்டு வைக்க ஒரு தலைப்பு வேண்டும் என்பதற்காகவே பெரும்பாலும் அது இருக்கிறது. வாடகைப்படிக்கு மட்டும் சில நிபந்தனைகளோடு விலக்கு உண்டு. அதுவும் பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தால்தான்.

ஒரு மாதம் கிராஸ் குறைந்திருந்தால், முதலில் சீட்டின் மேற்பகுதியில் வேலை நாள் கணக்கைப் பாருங்கள். அங்கே எல்.ஓ.பி. என்று எழுதியிருக்கும். விடுப்பு மீதமில்லாமல் எடுத்த நாட்கள் அவை. முப்பது நாள் மாதத்தில் ஒரு நாள் அப்படிப் போனால் நம் ஊழியருக்கு 3,333 ரூபாய் குறையும். பேசிக்கும் குறைவதால் அந்த மாத வைப்பு நிதியும் சற்றுக் குறையும்.

பிடித்தம்: கைக்கு வராமல் போவது

சீட்டின் வலப்பக்கத்தில் 'டிடக்‌ஷன்' என்ற தலைப்பின்கீழ் பிடித்தங்கள் இருக்கும். பெரிய பிடித்தம் பி.எஃப்., ஊழியரின் பங்கு 6,000 ரூபாய். நிறுவனம் கட்டும் 6,000 வேறு, இது வேறு. இரண்டும் சேர்ந்து மாதம் 12,000 ரூபாய் உங்கள் பெயரில் போகிறது. பக்கத்து நிறுவனத்தில் இதே பேசிக் வாங்கும் நண்பருக்கு 1,800 மட்டுமே பிடிக்கலாம். சட்டப்படி கட்டாய வரம்பு மாதம் 15,000 ரூபாய் ஊதியம் என்பதால், அந்த நிறுவனம் 15,000க்கு மட்டும் 12 விழுக்காடு கட்டுகிறது. இரண்டும் செல்லும்.

அடுத்தது தொழில் வரி. தமிழ்நாட்டில் இதை வசூலிப்பது மாநகராட்சி, நகராட்சி போன்ற உள்ளாட்சி அமைப்புகள். அரையாண்டுக்கு ஒருமுறை கட்டுவதால் பல நிறுவனங்கள் செப்டம்பரை ஒட்டி ஒருமுறை, மார்ச்சுக்குள் ஒருமுறை மொத்தமாகப் பிடிக்கின்றன. நம் ஊழியருக்கு அரையாண்டுக்கு 1,250 ரூபாய். அரசியலமைப்பின்படி ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் தொழில் வரி வாங்க முடியாது. ஆண்டில் இரண்டு மாதம் மட்டும் காரணம் தெரியாமல் சம்பளம் குறைகிறது என்றால், காரணம் பெரும்பாலும் இதுதான்.

கிராஸ் மாதம் 21,000 ரூபாய் வரை இருப்பவர்களின் சீட்டில் இ.எஸ்.ஐ. என்று ஒரு பிடித்தம் இருக்கும். ஊழியரின் பங்கு 0.75 விழுக்காடு, நிறுவனத்தின் பங்கு 3.25 விழுக்காடு. நம் ஊழியர் அந்த வரம்பைத் தாண்டிவிட்டதால் அவருக்கு அது இல்லை.

கிராஸிலிருந்து பிடித்தங்களைக் கழித்தால் வருவது நெட், கைக்கு வரும் சம்பளம். சாதாரண மாதத்தில் ஒரு லட்சத்தில் 6,000 போக 94,000. தொழில் வரி பிடிக்கும் மாதத்தில் 92,750.

கழிவு: கையிலிருந்து போகாதது

குழப்பம் தொடங்குவது இங்கேதான். வருமான வரிக் கணக்கிலும் 'டிடக்‌ஷன்' வருகிறது. ஆனால் அது வேறு வேலை செய்கிறது. சீட்டில் இருக்கும் பிடித்தம் உங்கள் பணத்தை எடுக்கிறது. வரிக் கணக்கில் இருக்கும் கழிவு பணம் எதையும் எடுப்பதில்லை. எவ்வளவு தொகைக்கு வரி போடுவது என்ற கணக்கைத்தான் குறைக்கிறது.

சம்பளக்காரர் அனைவருக்கும் கிடைக்கும் நிலைக்கழிவு, அதாவது ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன், இதற்கு நல்ல உதாரணம். புதிய வரிமுறையில் அது 75,000 ரூபாய், பழைய முறையில் 50,000. ரசீது எதுவும் காட்ட வேண்டியதில்லை. வாங்கிய 12 லட்சத்தில் 75,000 வாங்கவே இல்லை என்று வைத்துக்கொண்டு மீதிக்குத்தான் வரி பார்க்கிறார்கள்.

பி.எஃப். இதற்கு நேர்மாறு. நம் ஊழியரின் கையிலிருந்து ஆண்டுக்கு 72,000 ரூபாய் பிடித்தமாகப் போகிறது. ஆனால் அவர் புதிய வரிமுறையில் இருப்பதால் அதற்குக் கழிவு கிடையாது. கையில் வாங்காத அந்த 72,000க்கும் சேர்த்தே அவருடைய வரிக் கணக்கு போடப்படுகிறது. "பி.எஃப். பிடிக்கிறார்களே, வரி குறையாதா?" என்ற கேள்விக்குப் பதில், பழைய முறையில் குறையும், புதிய முறையில் குறையாது என்பதே. தொழில் வரிக்கும் இதே நிலைதான்.

ஆக நம் ஊழியரின் வரிக்குரிய வருமானம் 12,00,000 கழித்தல் 75,000, அதாவது 11,25,000 ரூபாய். கைக்கு வரும் ஆண்டுத் தொகையோடு இதற்கு எந்தத் தொடர்பும் இல்லை.

தள்ளுபடி: போட்ட வரியை நீக்குவது

இனி வரியைப் போட்டுப் பார்ப்போம். புதிய முறையில் முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. 4 முதல் 8 லட்சம் வரையுள்ள பகுதிக்கு 5 விழுக்காடு, 20,000 ரூபாய். 8 லட்சத்துக்கு மேல் இருக்கும் 3,25,000க்கு 10 விழுக்காடு, 32,500 ரூபாய். மொத்தம் 52,500.

ஆனால் அவர் கட்டுவது பூஜ்யம். வரிக்குரிய வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால், 60,000 ரூபாய் வரையிலான வரியைத் தள்ளுபடி செய்ய 87ஏ பிரிவு வழிசெய்கிறது. கழிவு வருமானத்தைக் குறைத்தது. தள்ளுபடியோ கணக்கிட்டு முடித்த வரியை நீக்குகிறது. சம்பளக்காரருக்கு 12 லட்சத்து 75 ஆயிரம் வரை வரி இல்லை என்று பேசிக்கொள்வது இந்த இரண்டையும் சேர்த்துத்தான்.

முதல் 12 லட்சத்துக்கு எல்லோருக்கும் வரி இல்லை என்று இதற்குப் பொருளில்லை. அந்த எல்லையைத் தாண்டினால் தள்ளுபடி போய்விடும். 4 லட்சத்துக்கு மேலுள்ள ஒவ்வொரு படிநிலைக்கும் வரி வந்துவிடும். நம் ஊழியருக்கு டிசம்பரில் அதுதான் நடக்கிறது.

டிசம்பரில் வந்த போனஸ்

நிறுவனம் சி.டி.சி.க்கு வெளியே ஒரு லட்சம் ரூபாய் போனஸ் தருகிறது. ஆண்டு கிராஸ் 13 லட்சம் ஆகிறது. நிலைக்கழிவு போக வரிக்குரிய வருமானம் 12,25,000. எல்லையை 25,000 ரூபாய் தாண்டிவிட்டார்.

வரி எவ்வளவு? 8 லட்சம் வரை 20,000. 8 முதல் 12 லட்சம் வரை 40,000. அதற்கு மேலுள்ள 25,000க்கு 15 விழுக்காடு, 3,750. கூட்டினால் 63,750 ரூபாய். 25,000 கூடுதலாக வந்ததற்கு 63,750 வரி என்றால் போனஸே வேண்டாம் என்று சொல்லத் தோன்றும். அதனால் சட்டம் ஒரு தடுப்பு வைத்திருக்கிறது. 12 லட்சத்தை எவ்வளவு தாண்டினீர்களோ அதற்கு மேல் வரி இருக்கக் கூடாது. இதை விளிம்புநிலை நிவாரணம் என்கிறார்கள். வரிக்குரிய வருமானம் ஏறத்தாழ 12,70,600 ரூபாய் வரை இது பயன்படும். அதற்கு மேல் வழக்கமான வரியே பொருந்தும்.

ஆகவே இவருக்கு வரி 25,000 ரூபாய். அதன்மேல் 4 விழுக்காடு செஸ் 1,000. மொத்தம் 26,000.

இந்தத் தொகையை நிறுவனம் எப்படி வாங்கும்? ஒவ்வொரு மாதமும் அது முழு ஆண்டின் வருமானத்தை உத்தேசமாகக் கணக்கிட்டு, ஆண்டு வரியில் இன்னும் பிடிக்க வேண்டியதை மீதி மாதங்களால் வகுத்துப் பிடிக்கிறது. சீட்டில் டி.டி.எஸ். என்று இருப்பது இதுதான். ஏப்ரல் முதல் நவம்பர் வரை உத்தேசம் 12 லட்சம் என்பதால் டி.டி.எஸ். பூஜ்யம். டிசம்பரில் உத்தேசம் மாறுகிறது. மீதி நான்கு மாதங்கள்தான். மாதத்துக்கு 6,500.

எனவே டிசம்பரில் கைக்கு வருவது 1,87,500. ஜனவரியில் 87,500. பிப்ரவரியில் தொழில் வரியும் பிடித்தால் 86,250. ஜனவரிச் சீட்டைப் பார்த்து 'சம்பளத்தைக் குறைத்துவிட்டார்கள்' என்று மனிதவளப் பிரிவுக்கு ஓடுபவர்கள் பலர். போனஸால் வந்த வரிதான் இப்போது பிடிக்கப்படுகிறது என்று சீட்டே சொல்லிவிடும். ஆண்டு முழுவதற்கும் பார்த்தால், 13 லட்சம் கிராஸில் பி.எஃப். 72,000, தொழில் வரி 2,500, வருமான வரி 26,000 போக அவர் கைக்கு வந்தது 11,99,500 ரூபாய்.

புதிய முறையிலும் நிலைக்கழிவைத் தவிர இவருக்குப் பயன்படக்கூடிய இன்னொரு கழிவு உண்டு. தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் நிறுவனம் ஊழியர் பெயரில் கட்டும் தொகைக்கு, பேசிக்கும் அகவிலைப்படியும் சேர்ந்ததில் 14 விழுக்காடு வரை கழிவு கிடைக்கும். நிறுவனம் அனுமதித்தால், டிசம்பர் முதல் சிறப்புப் படியிலிருந்து மாதம் 7,000 ரூபாயை இப்படி மாற்றிக்கொள்ளலாம். நான்கு மாதத்தில் 28,000. வரிக்குரிய வருமானம் 11,97,000 ஆகி, 26,000 வரி முழுவதும் போய்விடும். அந்த 28,000 ஓய்வுக்காலம் வரை பெரும்பாலும் முடங்கியிருக்கும் என்பதை மட்டும் யோசித்துக்கொள்ள வேண்டும்.

பழைய முறை லாபமா?

இவர் மாதம் 20,000 வாடகை தருகிறார். வாடகைப்படி வருகிறதே, பழைய முறைக்குப் போனால் நல்லதா? கணக்குப் போட்டால்தான் தெரியும்.

வாடகைப்படிக்கான விலக்கு மூன்று தொகைகளில் எது குறைவோ அது. வாங்கிய வாடகைப்படி ஆண்டுக்கு 3,00,000. சென்னையில் குடியிருப்பதால் பேசிக்கில் பாதி, அதுவும் 3,00,000. கொடுத்த வாடகை 2,40,000லிருந்து பேசிக்கில் பத்தில் ஒரு பங்கான 60,000 போக 1,80,000. குறைந்தது இதுதான். மூன்று லட்சம் படி வாங்கினாலும் விலக்கு 1,80,000க்கு மட்டுமே.

போனஸ் சேர்ந்த 13 லட்சத்திலிருந்து இந்த 1,80,000, நிலைக்கழிவு 50,000, தொழில் வரி 2,500, பி.எஃப்., ஆயுள் காப்பீடு முதலியவற்றுக்கு 80சி பிரிவின் உச்சவரம்பான 1,50,000, மருத்துவக் காப்பீட்டுக்கு 25,000 எல்லாவற்றையும் கழிப்போம். மீதி 8,92,500. பழைய முறையில் இரண்டரை முதல் ஐந்து லட்சம் வரை 5 விழுக்காடு, 12,500. அதற்கு மேலுள்ள 3,92,500க்கு 20 விழுக்காடு, 78,500. செஸ் சேர்த்து 94,640 ரூபாய்.

புதிய முறையில் 26,000. இத்தனை கழிவுகளுக்குப் பிறகும் பழைய முறை இவருக்கு நஷ்டம். வீட்டுக்கடன் வட்டியும் அதிக வாடகையும் சேர்ந்தவர்களுக்கு வேறு விடை வரலாம். எதையும் சொல்லாவிட்டால் நிறுவனம் புதிய முறை என்றே எடுத்துக்கொள்ளும். தொழில் வருமானம் இல்லாத சம்பளக்காரர், கெடுவுக்குள் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது முறையை மாற்றிக்கொள்ளலாம்.

நடுவில் வேலை மாறினால்

சீட்டைச் சரியாகப் படிப்பவர்களும் சறுக்கும் இடம் இது. ஒருவர் மாதம் ஒன்றரை லட்சம் கிராஸ் வாங்குகிறார். ஆறு மாதம் ஒரு நிறுவனம், அடுத்த ஆறு மாதம் அதே சம்பளத்தில் வேறு நிறுவனம். முதல் நிறுவனம் ஆண்டுக்கு 18 லட்சம் என்று உத்தேசித்து மாதாமாதம் டி.டி.எஸ். பிடிக்கும். இரண்டாவது நிறுவனத்துக்குப் பழைய சம்பளம் தெரியாது. ஆறு மாதத்துக்கு 9 லட்சம், நிலைக்கழிவு போக 8,25,000, தள்ளுபடிக்குள் இருக்கிறார், வரி இல்லை என்று முடிவுகட்டும்.

அவருக்கோ கைக்கு வரும் சம்பளம் கூடியதுபோல் தெரியும். ஆண்டு முடிந்ததும் கணக்கு ஒன்றுசேரும். 18 லட்சத்தில் ஒரே ஒரு நிலைக்கழிவு போக 17,25,000. வரி 1,45,000, செஸ் 5,800. மொத்தம் 1,50,800. முதல் நிறுவனம் பிடித்தது அதில் பாதி, 75,400. மீதி 75,400ஐத் தாக்கல் நேரத்தில் வட்டியோடு ஒரே தவணையில் கட்ட வேண்டும். புதிய வேலையில் சேர்ந்ததும் பழைய சம்பள விவரத்தைப் படிவம் 12பி மூலம் கொடுத்துவிட்டால் இந்தச் சுமை ஆறு மாதத்தில் பரவிவிடும்.

நிறுவனம் பிடித்த டி.டி.எஸ். உங்கள் பான் எண்ணில் அரசுக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதை வருமான வரி இணையதளத்தில் படிவம் 26ஏ.எஸ். காட்டும். சீட்டுகளில் உள்ள டி.டி.எஸ். தொகைகளைக் கூட்டினால் வருவதும், படிவம் 26ஏ.எஸ்.இல் சம்பளத்துக்கு எதிரே இருப்பதும், நிறுவனம் நிதியாண்டு முடிந்து ஜூன் நடுவில் தரும் படிவம் 16இல் இருப்பதும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். மாறினால் தாக்கல் செய்யும் முன் நிறுவனத்தைத் திருத்தச் சொல்லுங்கள். அதிகம் பிடித்திருந்தால் தாக்கல் செய்தால்தான் திரும்பக் கிடைக்கும். தானாக வராது.

2026 ஏப்ரல் முதல் ஈட்டும் வருமானத்துக்கு 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் பொருந்தும். பிரிவு எண்கள் மாறும். கிராஸிலிருந்து கழிவு, மீதிக்கு வரி, வரியிலிருந்து தள்ளுபடி என்ற வரிசை அப்படியே இருக்கும். அடுத்த சீட்டு வந்ததும் நெட் தொகைக்குப் போகும் முன் டி.டி.எஸ். வரியைப் பாருங்கள். சென்ற மாதத்திலிருந்து அது மாறியிருந்தால், நிறுவனத்தின் உத்தேசத்தில் ஏதோ மாறியிருக்கிறது. அது என்ன என்று கேட்பதற்கு மார்ச் வரை காத்திருக்க வேண்டியதில்லை.